ஊர் அசையவில்லை, எண் ஏன் நகர்ந்தது?

சென்னையில் பழைய தெருக்களில் நடந்தால் பல வீட்டு வாசல்களில் இரண்டு எண்கள் இருக்கும். பழைய எண் 14, புதிய எண் 31 என்று. வீடு அதே இடத்தில்தான் இருக்கிறது, திண்ணை கூட மாறியிருக்காது. எண்ணும் முறையை மாநகராட்சி மாற்றியதால் எண் மாறிவிட்டது, அவ்வளவுதான். இதில் ஒரு நல்ல பழக்கம் உண்டு, கவனித்திருப்பீர்கள்: எண்ணுக்கு முன்னால் பழையதா புதியதா என்று எழுதிவைக்கிறார்கள். வரைபடத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை எழுதும்போது நாம் பெரும்பாலும் அதைச் செய்வதில்லை. நிறையக் குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

இந்த விஷயத்தில் நான் முதலில் மாட்டிக்கொண்டது லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் பழைய நிலவரைபடம் ஒன்றில். ஸ்கேன் செய்த தாளை, அதன் ஓரத்தில் அச்சாகியிருந்த டிகிரி எண்களை வைத்தே கணினியில் உட்காரவைத்து, மேலே இன்றைய செயற்கைக்கோள் படத்தை விரித்தேன். தெருக்கள் எல்லாம் பக்கத்தில் வந்து நின்றன, ஆனால் மேலே பொருந்தவில்லை. ஒவ்வொரு தெருமுனையும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்கு, 80, 90 மீட்டர், ஒரே திசையில் தள்ளி இருந்தது. ஸ்கேன் கோணலாகிவிட்டது என்று நினைத்து மூலைப் புள்ளிகளை மறுபடி மறுபடி குத்திக்கொண்டு ஒரு சனி ஞாயிறை வீணாக்கினேன். தாளின் கீழே இடது மூலையில் பொடி எழுத்தில் விடை அச்சாகியிருந்தது. அதை நான் படிக்கவே இல்லை.

அந்தப் பொடி எழுத்துக்கு வருவதற்கு முன், சட்டென்று மனதில் தோன்றும் மூன்று காரணங்களை ஓரமாக வைத்துவிடலாம். முதலாவது, நகரம் என்பது பெரிய பரப்பு, அதற்கு ஒரே ஒரு புள்ளியை யாரோ தேர்ந்தெடுக்கிறார்கள். ஒருவர் நகராட்சிக் கட்டடத்தை எடுப்பார், இன்னொருவர் ரயில் நிலையத்தை எடுப்பார். இதனால் வரும் வித்தியாசம் நூற்றுக்கணக்கான மீட்டரில் இருக்கும், சில சமயம் கிலோமீட்டரில். ஒரே கட்டடத்தை, ஒரே தெருமுனையை ஒப்பிட்டால் இந்தச் சந்தேகம் போய்விடும். இரண்டாவது, எண்ணை முழுமையாக்குவது. நிமிடத்தோடு நிறுத்திவிட்டால் ஒரு நிமிட அட்சரேகை என்பதே ஏறக்குறைய 1.85 கிலோமீட்டர், நொடி வரை எழுதினால் ஒரு நொடி சுமார் 31 மீட்டர். அதனால் எத்தனை இலக்கம் எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தாலே இதைக் கண்டுபிடித்துவிடலாம். மூன்றாவது, கண்டங்கள் நகர்கின்றனவே என்பது. நகர்கின்றன, உண்மைதான், ஆனால் வருடத்துக்குச் சில சென்டிமீட்டர். ஒரு நூற்றாண்டு ஆனாலும் சில மீட்டர்தான் சேரும். 80 மீட்டருக்கு அது கணக்குக் கொடுக்காது.

சரி, அப்படியானால் என்ன நடந்தது? லாஸ் ஏஞ்சலஸின் எண்ணைக் கணக்கிட்ட பூமி மாறிவிட்டது. நிஜ பூமி இல்லை, கணக்குப் புத்தகத்தில் இருக்கிற பூமி.

பூமி உருண்டை என்று பள்ளியில் படித்தோம். துருவங்களில் கொஞ்சம் தட்டையான உருண்டை என்று பிறகு திருத்தினார்கள். உண்மையில் அதன் மேற்பரப்பு மேடும் பள்ளமுமாக, எந்தச் சூத்திரத்துக்கும் அடங்காத ஒரு உருவம். அதன் மேல் நேராக டிகிரி வரைய முடியாது. அதனால் நில அளவைக்காரர்கள் பூமிக்குப் பதிலாக வழவழப்பான, தட்டையான உருண்டை ஒன்றைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். எலிப்சாய்டு என்று அதற்குப் பெயர். ஒரு இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இந்தக் கற்பனை உருண்டையின் மேல் எடுத்த கோணங்கள். அந்த உருண்டை எவ்வளவு பெரியது, எவ்வளவு தட்டை, நிஜ பூமியோடு அதை எங்கே எப்படிப் பொருத்தி வைக்கிறோம் என்பது எல்லாம் சேர்ந்த ஏற்பாட்டுக்கு டேட்டம் என்று பெயர். டேட்டம் மாறினால், ஒரு செங்கல் கூட அசையாமல், ஊரில் உள்ள எல்லா எண்களும் மாறும்.

அமெரிக்காவின் கதை இதற்கு நல்ல உதாரணம், ஏனென்றால் அவர்கள் ஒரு பெரிய கண்டம் முழுவதையும் ஒரு தடவை பழைய டேட்டத்திலிருந்து புதியதற்கு மாற்றினார்கள், மாற்றத்தின் அளவும் இடத்துக்கு இடம் வேறுபட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் செயற்கைக்கோள் கிடையாது. ஒரு இடத்தின் அட்சரேகை வேண்டுமென்றால் நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். நட்சத்திரம் தலைக்கு மேலிருந்து எத்தனை டிகிரி சரிந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். இதில் தலைக்கு மேல் என்பது எது? கொத்தனார் சுவர் கட்டும்போது தொங்கவிடுவாரே தூக்குக்குண்டு, அதன் நூல் காட்டுகிற திசைதான். கருவியை மட்டம் பார்க்கிற ரசமட்டமும் அதே புவியீர்ப்பைத்தான் நம்புகிறது. சிக்கல் என்னவென்றால், தூக்குக்குண்டு எல்லா இடத்திலும் அந்த வழவழப்பான உருண்டைக்குச் செங்குத்தாகத் தொங்காது. ஒரு பக்கம் மலை இருந்தால் அந்தப் பக்கம் மிக மிக லேசாக இழுபடும். பூமிக்கு அடியில் கனமான பாறை இருந்தாலும் அப்படித்தான். நூல் ஒரு நொடி கோணம் சாய்ந்தால் போதும், நிலத்தில் 31 மீட்டர் பிசகிவிடும். ஒரு நொடி என்பது ஒரு டிகிரியில் 3,600ல் ஒரு பங்கு. கண்ணால் பார்த்தால் அந்தச் சாய்வு தெரியவே தெரியாது.

இதனால் ஒவ்வொரு ஊரிலும் தனித்தனியாக நட்சத்திரம் பார்த்து எண் எழுதினால் ஊர்களுக்கு நடுவிலான தூரம் நிஜத்தோடு ஒத்துவராது. அதைத் தவிர்க்க ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒரே ஒரு இடத்தில் எண்ணை முடிவுசெய்துவிட்டு, அங்கிருந்து மலை உச்சி மலை உச்சியாக முக்கோணங்கள் அடுக்கிக்கொண்டே போவது. கோணங்களை அளந்து, இடையிடையே சில பக்கங்களின் நீளத்தை அளந்து, மற்ற எல்லா ஊர்களின் எண்ணையும் கணக்கால் வரவழைப்பது. முக்கோணங்களை வரைவதற்கு ஓர் உருண்டை வேண்டுமே, அதற்கு அமெரிக்கர்கள் 1880ல் எடுத்துக்கொண்டது ஆங்கிலேயர் கிளார்க் 1866ல் கணக்கிட்ட எலிப்சாய்டு. இங்கே ஒரு சின்ன ஊர்ப் பெருமை: கிளார்க் அந்த உருண்டையைக் கணக்கிட உலகின் பல பகுதிகளில் அளந்த நீண்ட கோடுகளைப் பயன்படுத்தினார், அவற்றில் ஒன்று கன்னியாகுமரிப் பக்கம் தொடங்கி வடக்கே இமயம் நோக்கிப் போன இந்திய அளவை. லாஸ் ஏஞ்சலஸின் பழைய தீர்க்கரேகையில் நம் பக்கத்து மண்ணுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

அந்த ஒரே ஒரு இடம் எது? கான்சாஸ் மாநிலத்தில் ஆஸ்போர்ன் மாவட்டத்தில் மாடு மேய்கிற புல்வெளி ஒன்று, பெயர் மீட்ஸ் ராஞ்ச். நாட்டின் குறுக்கே 39வது அட்சரேகையை ஒட்டிப் போன முக்கோணச் சங்கிலியும், வடக்கு தெற்காக 98வது தீர்க்கரேகையை ஒட்டிப் போன சங்கிலியும் அந்தப் பக்கம்தான் சந்தித்தன, நாட்டின் நடுவுக்கும் பக்கம். 1901ல் அதை மூலப்புள்ளியாக முடிவுசெய்தார்கள். இந்தப் புள்ளியின் அட்சரேகை இது, தீர்க்கரேகை இது, இங்கிருந்து வால்டோ என்ற அடுத்த புள்ளி இந்தத் திசையில் இருக்கிறது என்று மூன்று எண்களை அறிவித்தார்கள். மற்றதெல்லாம் அதிலிருந்து கிளை விட்டது. 1913ல் கனடாவும் மெக்சிகோவும் இதையே ஏற்றுக்கொண்டன. பிறகு சங்கிலிகள் பெருகப் பெருகப் பிசகுகளும் சேர்ந்ததால், மொத்தத்தையும் 1927ல் மறுபடி கணக்கிடத் தொடங்கினார்கள். சுமார் 26,000 புள்ளிகள். திரையில் `NAD27` என்று பார்ப்பீர்களே, அது இதுதான். இனி நேட் 27 என்று எழுதுகிறேன்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மீட்ஸ் ராஞ்சில் எண்ணை அறிவித்தபோது, அந்தக் கற்பனை உருண்டையை அமெரிக்க நிலத்தின் மேல் நன்றாகப் படியும்படி வைத்தார்கள். முதுகுக்கு மட்டும் அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. முதுகில் சுருக்கமே இல்லாமல் உட்காரும், முன்பக்கம் எப்படி இருக்கும் என்று தையல்காரர் கவலைப்படவில்லை. இந்தியாவில் இந்த உருண்டை தரையிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்பது அமெரிக்க நில அளவைக்காரருக்கு வேண்டாத விஷயம். உருண்டையின் நடுப்புள்ளி பூமியின் நடுப்புள்ளியோடு பொருந்துகிறதா என்றால், அதைச் சோதிக்க அன்றைக்கு வழியே இல்லை. பூமியின் நடுவுக்கு யாரும் தூக்குக்குண்டு இறக்கிப் பார்க்க முடியாதே.

செயற்கைக்கோள் வந்ததும் நிலைமை மாறியது. செயற்கைக்கோளுக்குக் கான்சாஸும் தெரியாது, புல்வெளியும் தெரியாது. அது பூமியின் நிறையின் மையத்தைச் சுற்றுகிறது. அதைக் கவனித்து இடத்தைக் கண்டுபிடித்தால், அந்த மையத்திலிருந்து அளந்ததாகிவிடுகிறது. அப்படிப் பார்த்தபோதுதான் பழைய உருண்டையின் நடுப்புள்ளி பூமியின் நடுப்புள்ளியிலிருந்து சுமார் 240 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருந்தது தெரிந்தது. அளவும் கொஞ்சம் வேறு. கிளார்க்கின் உருண்டை நடுக்கோட்டில் இன்றைய உருண்டையைவிட 69 மீட்டர் பருமன், துருவப் பக்கம் 168 மீட்டர் குட்டை. 6,378 கிலோமீட்டர் ஆரம் உள்ள ஒரு பொருளில் இவ்வளவுதான் பிழை என்பது என்னைக் கேட்டால் வியக்க வேண்டிய விஷயம், குறை சொல்ல வேண்டியதில்லை.

1986ல் அமெரிக்கா இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளை ஒரே கணக்காகத் திரும்பப் போட்டு முடித்தது. உருண்டை புதிது, நடுப்புள்ளி பூமியின் நடுவில். பெயர் நேட் 83, திரையில் `NAD83`. ஜிபிஎஸ் கொடுக்கிற எண்ணோடு இது ஒன்றிரண்டு மீட்டர் அளவில் ஒத்துப்போகும், ஆகவே தெருமுனை தேடுகிற நமக்கு இரண்டும் ஒன்றே.

இப்போது மூலப்புள்ளிக்கே போய் என்ன ஆயிற்று என்று பார்ப்போம். மீட்ஸ் ராஞ்சின் பழைய தீர்க்கரேகை மேற்கு 98 டிகிரி 32 நிமிடம் 30.506 நொடி. புதியது 98 டிகிரி 32 நிமிடம் 31.746 நொடி. கழித்தால் 1.24 நொடி. இதை மீட்டராக்க ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்கும், அதனால் அங்கே ஒரு நொடி 31 மீட்டர் இல்லை. கான்சாஸின் 39 டிகிரி அட்சத்தில் ஒரு நொடி சுமார் 24 மீட்டர். 1.24 மடங்கு 24, ஏறக்குறைய 30 மீட்டர். அட்சரேகை? 26.686 நொடி, 26.712 நொடி ஆயிற்று. வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆக, கண்டத்துக்கே தொடக்கப்புள்ளியாக இருந்த இடம், கல்லில் பதித்த அடையாளம் அசையாமல் இருக்க, எண்ணில் மட்டும் 30 மீட்டர் மேற்கே போய்விட்டது.

மேற்கே 30 மீட்டர் என்றால் எல்லா ஊரும் மேற்கே 30 மீட்டர் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். நியூயார்க்கின் எண் கிழக்கே போகிறது, சுமார் 36 மீட்டர். லாஸ் ஏஞ்சலஸ் மேற்கே போகிறது, 80 மீட்டருக்கு மேல். சிகாகோ கிழக்கு மேற்காக ஏறக்குறைய அசைவதே இல்லை. ஒரே மாற்றம்தான், மூன்று ஊருக்கு மூன்று விதம்.

இதைப் புரிந்துகொள்ள ஒரு வழி. ஒரு மைதானத்தில் நின்றுகொண்டு எதிரே வரிசையாக மூன்று தென்னைமரங்களைப் பாருங்கள். நடுமரம் நேர் எதிரே, ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். இப்போது நேராக நாலு எட்டு முன்னால் நடங்கள். நடுமரம் நேர் எதிரேயே இருக்கும். இடப்பக்க மரம் இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கும், வலப்பக்க மரம் வலப்பக்கம் ஒதுங்கும். மரம் எதுவும் நகரவில்லை, நீங்கள் பார்க்கும் கோணம் விரிந்தது. தீர்க்கரேகை என்பது பூமியின் அச்சில் நின்று பார்க்கிற கோணம்தான். பழைய உருண்டையின் நடுப்புள்ளி அமெரிக்காவைவிட்டு விலகி, பூமியின் எதிர்ப்பக்கத்தை நோக்கி, அதாவது கிழக்கு 90வது தீர்க்கரேகைப் பக்கமாக சுமார் 160 மீட்டர் தள்ளி இருந்தது. நேட் 83க்கு மாறியது என்பது அந்த 160 மீட்டர் அமெரிக்காவை நோக்கி முன்னால் நடந்த மாதிரி. அந்தக் கோட்டின் நேர் எதிரே இருப்பது மேற்கு 90வது தீர்க்கரேகை, சிகாகோ அதற்குப் பக்கத்தில். அதுதான் நம் நடுமரம். நியூயார்க் ஒரு பக்கம் ஒதுங்கியது, லாஸ் ஏஞ்சலஸ் மறுபக்கம் ஒதுங்கியது, நடுவிலிருந்து அதிக தூரம் விலகியிருப்பதால் லாஸ் ஏஞ்சலஸ் அதிகம் ஒதுங்கியது.

கணக்காகப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, பைத்தானில் நாலைந்து வரி போதும். பழைய நடுப்புள்ளி எவ்வளவு விலகியிருந்தது என்பதற்கு அமெரிக்கப் பெருநிலத்துக்கு எடுத்த சராசரி மதிப்புகள்: 0 டிகிரி தீர்க்கரேகைப் பக்கமாக `dx` -8, கிழக்கு 90 டிகிரிப் பக்கமாக `dy` 160 மீட்டர். மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி.

```python
from math import sin, cos, radians
dx, dy = -8, 160
for lon in (-74.01, -87.63, -98.54, -118.25):
    r = radians(lon)
    print(lon, round(-sin(r)*dx + cos(r)*dy, 1))
```

இதை ஓட்டினால் வரிசையாக நியூயார்க், சிகாகோ, மீட்ஸ் ராஞ்ச், லாஸ் ஏஞ்சலஸ்: 36.4, -1.4, -31.7, -82.8. கூட்டல் என்றால் கிழக்கே, கழித்தல் என்றால் மேற்கே. மீட்ஸ் ராஞ்சுக்கு நாம் கையால் கழித்தது 30, இது 32 என்கிறது. இரண்டு மீட்டர் வித்தியாசம் ஏன் என்று கேட்டால், பழைய முக்கோணச் சங்கிலியே அங்கங்கே கொஞ்சம் முறுக்கிக்கொண்டு கிடந்தது. ஒரே சராசரியை வைத்து அந்த முறுக்கை எல்லாம் எடுத்துவிட முடியாது. சில இடங்களில் பிசகு இன்னும் கூடுதலாகவே இருக்கும். அதனால்தான் துல்லியமாக மாற்றுகிறவர்கள் இந்தச் சூத்திரத்தைத் தொடுவதில்லை, நாட்டைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் எத்தனை நகர்வு என்று எழுதிவைத்த அட்டவணைக் கோப்பைப் பயன்படுத்துகிறார்கள்.

வடக்கு தெற்கு நகர்வைப் பற்றி அதிகம் பேசவில்லை, காரணம் அங்கே பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. நடுப்புள்ளி வடக்கு தெற்காகவும் 170 மீட்டருக்கு மேல் மாறியதுதான், ஆனால் உருண்டையின் தட்டை அளவும் சேர்ந்து மாறியதால் அமெரிக்கா இருக்கிற அட்சங்களில் ஒன்றை ஒன்று தின்றுவிட்டது. தற்செயல் இல்லை இது. முதுகுக்கு அளவெடுத்த சட்டை என்று சொன்னேனே, அதன் பலன்.

சரி, என் தாளுக்கு வருகிறேன். அமெரிக்காவின் பழைய நிலவரைபடத் தாள்களில் கீழே இடது மூலையில் தகவல் கட்டம் ஒன்று இருக்கும். அதில் இந்தத் தாள் 1927 டேட்டத்தில் போட்டது என்றும், 1983க்கு மாற்ற வேண்டுமானால் ரேகைகளை வடக்கே அல்லது தெற்கே இத்தனை மீட்டர், கிழக்கே அல்லது மேற்கே இத்தனை மீட்டர் நகர்த்து என்றும் எழுதியிருப்பார்கள். தாளின் மூலைகளில் சின்னப் புள்ளிக்கோட்டுக் குறி ஒன்றும் இருக்கும், புதிய ரேகை அங்கே வரும் என்று. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது, நிதானமாகப் படியுங்கள். கலிபோர்னியாத் தாளில் ரேகைகளைக் கிழக்கே நகர்த்து என்று எழுதியிருக்கும். ஆனால் லாஸ் ஏஞ்சலஸின் எண் மேற்கே அல்லவா போனது? இரண்டும் ஒன்றுதான். சுவரில் மாட்டிய படத்தின் மேல் ஒரு கட்டம் போட்ட கண்ணாடியை வைத்து, கண்ணாடியை வலப்பக்கம் தள்ளினால், கட்டத்தை வைத்துப் பார்க்கும்போது படம் இடப்பக்கம் போன மாதிரி இருக்கும். ரேகையை நகர்த்துவதும் ஊரை நகர்த்துவதும் எதிர் எதிர்த் திசை. இதைத் தலைகீழாகச் செய்தால் 80 மீட்டர் பிழை 160 ஆகிவிடும். சந்தேகம் வந்தால் தாளில் தெளிவாகத் தெரிகிற ஒரு தெருமுனையை எடுத்து இன்றைய படத்தோடு ஒத்துப்பாருங்கள். பிழை குறைந்தால் திசை சரி, கூடினால் எதிர்ப்பக்கம் தள்ளியிருக்கிறீர்கள்.

அதே தாளில் டிகிரி தவிர மீட்டரில் போட்ட யூடிஎம் கட்டமும் இருக்கும். அதை வைத்து ஒப்பிட்டால் வேறு கதை: வடக்குப் பக்க எண்ணில் 200 மீட்டர் அளவுக்கு வித்தியாசம் வரும். யூடிஎம் நடுக்கோட்டிலிருந்து உருண்டையின் மேல் அளந்துகொண்டே வருகிற தூரம், உருண்டையின் வடிவம் மாறினால் அந்த நீளமே மாறிவிடும். அதனால் டிகிரியில் 30 மீட்டர்தான் என்கிறார்களே, எனக்கு ஏன் 200 வருகிறது என்று யாராவது கேட்டால், எந்த எண்ணை ஒப்பிடுகிறார் என்று முதலில் விசாரியுங்கள்.

கையில் இருக்கிற பிழை டேட்டத்தால் வந்ததா, வேறு ஏதாவதா என்று எப்படித் தெரியும்? நான் செய்வது இது. நகரத்தின் நான்கு மூலையிலும் நடுவிலுமாக ஐந்தாறு தெருமுனைகள் எடுப்பேன், ஒவ்வொன்றும் எவ்வளவு, எந்தத் திசையில் விலகுகிறது என்று குறிப்பேன். எல்லாம் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே அளவில் விலகினால் டேட்டம்தான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஒரு நகரத்தின் அகலத்துக்குள் இந்த நகர்வு பெரிதாக மாறாது. ஒன்று கிழக்கே ஒன்று தெற்கே என்று சிதறியிருந்தால் தாள் வரைந்தவரின் அளவீட்டுப் பிழை, அல்லது தாளே சுருங்கியிருக்கும். ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் போகப் போக வளர்ந்துகொண்டே போனால் ஸ்கேன் கோணல் அல்லது அளவு தப்பு. நான் வீணாக்கிய சனி ஞாயிறில் இதை முதல் பத்து நிமிடத்திலேயே செய்திருக்கலாம்.

மாற்றத்தைக் கணினியிடம் விடும்போது இன்னொரு ஏமாற்றம் காத்திருக்கும். வரைபட மென்பொருள்கள் பெரும்பாலும் உள்ளே `PROJ` என்ற நிரலைத்தான் பயன்படுத்துகின்றன. அதில் நேட் 27க்கு எண் 4267, நேட் 83க்கு 4269, ஜிபிஎஸ் டேட்டத்துக்கு 4326. மீட்ஸ் ராஞ்சையே கொடுத்துப் பார்க்கலாம்:

```
echo "39.2240794 -98.5418072" | cs2cs -f "%.7f" EPSG:4267 EPSG:4269
```

தீர்க்கரேகை -98.5421517 பக்கம் வந்தால் சரி. கொடுத்த எண்ணே அப்படியே திரும்பி வந்தால் மாற்றம் நடக்கவே இல்லை என்று பொருள். நான் சொன்ன கட்ட அட்டவணைக் கோப்பு அந்தக் கணினியில் இல்லாமல் இருந்திருக்கும்; சத்தம் போடாமல் எண்ணைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெயர்ப் பலகையை மட்டும் நேட் 83 என்று மாற்றிவிடும். பிழைச் செய்தி வரும் என்று காத்திருக்காதீர்கள். அதனால் எந்தக் கணினியில் புதிதாக வேலை தொடங்கினாலும் பழைய எண்ணும் புதிய எண்ணும் தெரிந்த ஒரு புள்ளியை முதலில் ஓட்டிப் பார்த்துவிடுவது என் வழக்கம், மீட்ஸ் ராஞ்ச் அதற்கு வசதியாக இருக்கிறது.

நம் ஊர்த் தாள்களில் இதையே செய்யப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவின் பழைய நிலவரைபடங்கள் கிளார்க்கின் உருண்டையில் போட்டவை அல்ல, நில அளவைக்காரர் எவரெஸ்டின் பெயரில் உள்ள வேறு உருண்டையில், மத்தியப் பிரதேசத்தின் கல்யாண்பூரை மூலப்புள்ளியாக வைத்துப் போட்டவை. அந்த உருண்டையின் நடுப்புள்ளி பூமியின் நடுவிலிருந்து இன்னும் அதிகம் விலகியது, ஆகவே சென்னைப் பக்கம் வித்தியாசம் பத்துகளில் நிற்காமல் 200 மீட்டரைத் தாண்டிவிடும். ஜிபிஎஸ் எண் பழைய தாளின் எண்ணைவிட வடக்கிலும் மேற்கிலும் இருக்கும். 2005ல் வந்த தேசிய வரைபடக் கொள்கைக்குப் பிறகு பொதுமக்களுக்காக வெளியிடுகிற தாள்கள் ஜிபிஎஸ்ஸின் டேட்டத்திலேயே வருகின்றன, அதனால் ஒரே ஊரின் பழைய தாளையும் புதிய தாளையும் அருகருகே வைத்தால் ஓர எண்கள் ஒத்துப்போகாது. அப்போது ஊசியை எடுத்து மூலைகளைக் குத்தத் தொடங்குவதற்கு முன், தாளின் ஓரத்தில் எவரெஸ்ட் என்று எங்காவது அச்சாகியிருக்கிறதா என்று தேடுங்கள்.